வகுப்பறைப் படத்திலிருந்து வரைபட வாசிப்பு: அளவையும் திசையும்

கேள்வி: 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக வரைபடம் வாசிக்கச் சொல்லித்தரப் போகிறேன். வகுப்பறையையே வரையவைத்து அளவையும் திசையும் புரியவைக்க முடியுமா? பாடக்குறிப்பை எப்படி அமைப்பது?

முடியும். 40 நிமிடம் கொண்ட நான்கு பாடவேளைகளை ஒதுக்குங்கள். முதல் வேளையில் அளக்காமல் ஒரு தோராயப் படம், இரண்டாவதில் திசை, மூன்றாவதில் அளந்து வரையும் படம், நான்காவதில் அந்தப் படத்தை வாசிப்பது என்ற வரிசையை மாற்ற வேண்டாம். பலரும் முதல் நாளே கரும்பலகையில் "1 செ.மீ. = 50 செ.மீ." என்று எழுதிவிட்டுத் தொடங்குகிறார்கள். பிள்ளைகளும் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் அளவை எதற்குத் தேவைப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தோராயப் படம் ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தடுமாறுவதை அவர்களே பார்த்த பிறகு அளவையைக் கொண்டுவந்தால், அது விதியாக அல்லாமல் தீர்வாக வந்து சேரும்.

விளக்கத்துக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்கிறேன். நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர். கரும்பலகை 6 மீட்டர் சுவரில் இருக்கிறது. அது கிழக்குச் சுவர். கரும்பலகையைப் பார்த்து நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் ஜன்னல்கள், வலக்கைப் பக்கம் கதவு. பின்பக்கச் சுவரின் இடது மூலையில் ஓர் இரும்பு அலமாரி. உங்கள் அறையின் அளவுகள் வேறாக இருக்கும், முறை மாறாது.

முதல் பாடவேளையில் சந்திக்கப்போகும் சிக்கல் அளவையோ திசையோ அல்ல, பார்வைக் கோணம். வகுப்பறையை வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் மேசைக்கு நான்கு கால்களும் ஜன்னலுக்குக் கம்பிகளும் போட்டு, கரும்பலகையைப் பெரிய செவ்வகமாக நடுவில் வரைந்துவிடுவார்கள். அது நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது. இதைத் திருத்த "பறவைபோல் மேலிருந்து பாருங்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தம் அழிப்பானையும் வடிவியல் பெட்டியையும் தாள்மேல் வைத்து, அவற்றின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் சுற்றி வரையட்டும். பொருளை எடுத்ததும் தாளில் எஞ்சுவது மேலிருந்து பார்க்கும் வடிவம். பிறகு, "உங்கள் மேசையை இப்படி வரைய எவ்வளவு பெரிய தாள் வேண்டும்? சுவரில் தொங்கும் கரும்பலகையை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குச் சற்று நேரம் கொடுங்கள். கரும்பலகை வெறும் ஒரு தடித்த கோடாகிவிடும் என்று ஒரு பிள்ளை சொன்னதும் மற்றவர்களின் படங்களும் மாறத் தொடங்கும்.

அதன்பின் ஐந்தைந்து பேராகப் பிரித்து, அளக்காமல், கண்மதிப்பில் அறையின் தோராயப் படத்தை வரையவையுங்கள். சுவர்கள், கதவு, ஜன்னல்கள், ஆசிரியர் மேசை, மாணவர் மேசைகள், அலமாரி போதும். மின்விசிறியும் நாட்காட்டியும் வேண்டாம். குறியீடுகள் நான்கைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, அவற்றின் பொருளைத் தாளின் ஓரத்தில் எழுதவைத்தால் வரைபடக் குறிப்பு என்ற பகுதியும் தானாக முடிந்துவிடும்.

இப்போது அந்தக் கேள்வியைப் போடுங்கள்: "கடைசி மேசை வரிசைக்கும் அலமாரிக்கும் இடையில் இன்னொரு பெஞ்சைப் போட்டால் அலமாரிக் கதவைத் திறக்க முடியுமா? எழுந்துபோய்ப் பார்க்கக்கூடாது, உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்." சில குழுக்களின் படத்தில் அங்கே இரண்டு பெஞ்சு போட இடம் இருக்கும், சிலவற்றில் ஒரு தாள்கூட நுழையாது. எந்தப் படத்தை நம்புவது என்ற சச்சரவு எழும். அதைத் தீர்த்துவைக்காதீர்கள். கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, நான்காவது வேளை வரை அழிக்காமல் விடுங்கள்.

இரண்டாவது வேளை திசைக்கு. சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். தவறில்லை என்றாலும், மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கிறது. மற்ற மாதங்களில் வடக்கே அல்லது தெற்கே விலகியே உதிக்கும். இதைப் பிள்ளைகளிடம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். திசைகாட்டி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், திறந்த வெளியில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டிய நேரத்தில் அதன் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து, 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு கல்லை வையுங்கள். இரண்டையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ மேற்கு-கிழக்காக அமையும். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. சூரியன் மேற்கு நோக்கிப் போகப் போக நிழல் நுனி கிழக்கு நோக்கி நகர்வதே காரணம்.

திசைகாட்டியில் ஓர் எச்சரிக்கை உண்டு. நானே சிக்கிய கதை அது. முதல்முறை இந்தப் பாடத்தை எடுத்தபோது நான்கு திசைகாட்டிகளை நான்கு குழுக்களுக்குக் கொடுத்தேன், நான்கு வடக்குகள் கிடைத்தன. மேசைகளின் கால்கள் இரும்புக் குழாய்கள் என்பதும், ஒரு குழு இரும்பு அலமாரியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தது என்பதும் பிறகுதான் உறைத்தது. அறைக்குள் இரண்டு மூன்று இடங்களில் தரையில் வைத்துப் பாருங்கள். முள் இடத்துக்கு இடம் வேறுபட்டால் அருகில் இரும்போ காந்தமோ இருக்கிறது என்று பொருள். கைபேசியும் ஒலிபெருக்கியும்கூட முள்ளை இழுக்கும். அப்போது கட்டடத்துக்கு வெளியே போய், வகுப்பறைச் சுவருக்கு இணையாக நின்று வடக்கைக் கண்டு, அந்தச் சுவரை அடையாளமாக வைத்துக்கொண்டு உள்ளே வருவதே பாதுகாப்பான வழி. சுவர்கள் திசைகளோடு சரியாகப் பொருந்தாமல் 20 பாகை சாய்ந்திருந்தால் கவலை வேண்டாம். அறையைத் தாளின் ஓரங்களுக்கு இணையாகவே வரையுங்கள். வடக்கு அம்புக்குறியை மட்டும் அந்த 20 பாகை சாய்த்துப் போடுங்கள்.

திசையில் பிள்ளைகளுக்கு இரண்டு குழப்பங்கள் வரும். வடக்கு "மேலே" இருப்பதாக நினைப்பது முதலாவது. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தே பழகியதால், வடக்கைக் காட்டச் சொன்னால் சிலர் கூரையைக் காட்டுவார்கள்; அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை, அவர்கள் பார்த்த வரைபடத்தில் வடக்கு உண்மையாகவே கூரையை நோக்கித்தான் இருந்தது. நாட்டு வரைபடம் ஒன்றைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கு அறையின் வடக்கை நோக்கும்படி திருப்பிவைத்தால் இந்தக் குழப்பம் அங்கேயே தீரும். மற்றொன்று, இடம் வலத்தையும் கிழக்கு மேற்கையும் ஒன்றாக நினைப்பது. எல்லோரையும் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் அறையில் அது கிழக்கு. ஆகவே இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. இப்போது அப்படியே பின்பக்கம் திரும்பி மீண்டும் வடக்கைக் காட்டச் சொன்னால் பாதிப்பேர் மறுபடியும் இடக்கையையே நீட்டுவார்கள். கை மாறிவிட்டது, ஜன்னல் இருக்கும் சுவர் மாறவில்லை என்பதை அவர்களே கவனிக்கும்வரை இரண்டு மூன்று முறை திருப்புங்கள்.

நம் அறையை எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு உள்நோக்கம் உண்டு. பிள்ளைகள் கரும்பலகையைத் தாளின் மேல்பக்கத்தில்தான் வரைவார்கள். கரும்பலகை கிழக்கில் இருப்பதால் தாளின் மேல்பக்கம் கிழக்காகிறது; வடக்கு அம்புக்குறி தாளின் இடப்பக்கம் பார்க்கிறது. "படம் தப்பு சார்" என்று சிலர் சொல்வார்கள். தப்பில்லை. வடக்கை மேலே வைப்பது வழக்கம், கட்டாயமல்ல. அம்புக்குறி எங்கே காட்டுகிறதோ அதுதான் அந்தப் படத்தின் வடக்கு. உங்கள் கரும்பலகை வடக்குச் சுவரில் இருந்தால் இந்த வாய்ப்பு கிடைக்காது. அப்படியானால் தாளைப் பக்கவாட்டில் திருப்பி வேண்டுமென்றே கரும்பலகையை வலப்பக்கம் வரையவையுங்கள். வேளை முடிவதற்குள் ஒரு பழக்கத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும்: படத்தை வாசிக்குமுன் அதைத் தரைக்கு இணையாகப் பிடித்து, படத்திலுள்ள கரும்பலகை உண்மைக் கரும்பலகையை நோக்கும்படி திருப்ப வேண்டும். அப்படித் திருப்பியதும் தாளிலுள்ள அம்புக்குறி தானாக உண்மை வடக்கைக் காட்டும். அறையில் யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் எல்லா அம்புக்குறிகளும் ஒரே பக்கம் காட்ட வேண்டும். இது உங்களுக்கு ஒரே பார்வையில் கிடைக்கும் சோதனை.

மூன்றாவது வேளையில் அளவை வருகிறது. எந்த அளவையைத் தேர்வது என்பதை நீங்களே அறிவித்துவிடாமல் வகுப்போடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்று வைத்தால் அறை 8 செ.மீ.க்கு 6 செ.மீ. ஆகிறது, தாளில் தாராளமாக அடங்கும், ஆனால் 40 செ.மீ. அகலமுள்ள மாணவர் மேசை வெறும் 4 மி.மீ. ஆகிவிடும். கூர்மையில்லாத பென்சிலால் அதை வரைந்தால் கருப்புக் கறைதான் மிஞ்சும். 1 செ.மீ.க்கு 25 செ.மீ. என்று வைத்தால் மேசை அழகாக வரும், அறை 32 செ.மீ.க்கு 24 செ.மீ. ஆகி ஏ4 தாளைத் தாண்டிவிடும். இடைப்பட்ட 1 செ.மீ.க்கு 50 செ.மீ. என்பதில் அறை 16 செ.மீ.க்கு 12 செ.மீ.; 120 செ.மீ. நீள மேசை 2.4 செ.மீ.க்கு 0.8 செ.மீ.; தலைப்பு, அம்புக்குறி, குறிப்பு ஆகியவற்றுக்கும் இடம் மிஞ்சுகிறது. தாளின் அளவு ஒரு பக்கமும் வரையவேண்டிய மிகச் சிறிய பொருள் மறுபக்கமும் இழுக்க, நடுவில் நின்று அளவையைத் தீர்மானிக்கிறோம் என்பது இந்த மூன்று முயற்சிகளிலேயே விளங்கிவிடும்.

அளக்கும் வேலையைக் குழுக்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு நீளத்தையும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளக்கும்படி வையுங்கள். 5 செ.மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். அளவு நாடாவின் ஒரு பக்கம் அங்குலமாக இருந்தால் யாராவது அதைப் படித்துவிடுவார்கள். 6 மீட்டர் சுவருக்கு 236 என்று எழுதிக்கொண்டு வந்தால் காரணம் அதுதான். நாடா தொய்ந்தோ சாய்ந்தோ இருந்தால் அளவு கூடும். சுவரோடு ஒட்டிப் பிடித்தால் இரண்டும் தவிரும்.

வரைவதற்கு 1 செ.மீ. கட்டத்தாள் கொடுங்கள். முதலில் சுவர்கள், பிறகு கதவு ஜன்னல்கள். கதவு தெற்குச் சுவரில், கரும்பலகைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது, அகலம் 1 மீட்டர் என்றால், தாளில் வலப்பக்கக் கோட்டில் மேலிருந்து 2 செ.மீ. விட்டு அடுத்த 2 செ.மீ.யில் வரும். கதவின் அகலத்தைச் சரியாக வரைந்துவிட்டு இடத்தைக் கண்மதிப்பில் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை; ஒரு பொருளை வரைய அதன் அளவு மட்டும் போதாது, இரண்டு சுவர்களிலிருந்து அதன் தூரமும் வேண்டும் என்பதை இந்த இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். மேசைகளைத் தாளில் நேரடியாக வரையாமல், அதே அளவையில் சிறு அட்டைகளாக வெட்டி வைத்து, இடம் உறுதியான பிறகு ஒட்டச் சொல்லுங்கள். அழித்து அழித்துத் தாள் கிழிவது மிச்சமாகும்.

அளவையை மூன்று விதமாக எழுதலாம்: "1 செ.மீ. = 50 செ.மீ." என்று சொல்லால், 1:50 என்று விகிதமாக, அல்லது ஒரு கோடாக. விகிதத்துக்கு அலகு கிடையாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கோட்டளவைக்கு நேரம் கொடுங்கள். 10 செ.மீ. கோடு வரைந்து, 2 செ.மீ.க்கு ஒருமுறை 0, 1, 2, 3, 4, 5 மீட்டர் என்று குறிக்க வேண்டும். ஒரு குழுவின் படத்தை நகலெடுக்கும் இயந்திரத்தில் பாதி நீளத்துக்குச் சுருக்கி எடுத்துக் காட்டினால், அதிலுள்ள "1 செ.மீ. = 50 செ.மீ." பொய்யாகிவிட்டதையும், கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்கி இன்னும் உண்மை சொல்வதையும் பிள்ளைகள் ஒரு காகிதத் துண்டை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

நான்காவது வேளையில்தான் வாசிப்பு. முதல் கேள்வி யாரும் அளக்காத ஒரு தூரமாக இருக்கட்டும்: கதவின் நடுவிலிருந்து, அதற்கு மிக அருகிலுள்ள அலமாரி மூலை வரை நேர்கோட்டில் எவ்வளவு? அலமாரி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. ஆழம், தாளின் கீழ் இடது மூலையில் 1.8 செ.மீ.க்கு 0.9 செ.மீ. செவ்வகமாக அது இருக்கும். அளவுகோலை வைத்தால் கிட்டத்தட்ட 15.8 செ.மீ. வரும், 50ஆல் பெருக்க 790 செ.மீ., அதாவது 7.9 மீட்டர். விடையை எல்லோரும் எழுதிய பிறகு மேசைகளுக்கு மேலாக ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். தாளில் 1 மி.மீ. தவறினால் அறையில் 5 செ.மீ. தவறும் என்பதால், 10 செ.மீ. வரை வேறுபாட்டை ஏற்கலாம். அதற்கு மேல் போனால் விடையே பிழையின் காரணத்தைச் சொல்லும். சரியாக 50 செ.மீ. கூடுதலாக வந்தால், பிள்ளை அளவுகோலை 0க்குப் பதிலாக 1இல் வைத்திருக்கிறது. 15.8 மீட்டர் என்று வந்தால், 1 செ.மீ.யை 1 மீட்டராக எடுத்திருக்கிறது. அறையின் மூலைவிட்டமே 10 மீட்டர்தானே என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும். அந்த மூலைவிட்டம் இன்னொரு சோதனைக்கும் உதவும்: படத்தில் அது 20 செ.மீ. வரவில்லையென்றால் அறையின் மூலைகள் செங்கோணமாக வரையப்படவில்லை.

அடுத்து இதே கோட்டுக்குத் திசையைக் கேளுங்கள். கதவிலிருந்து அலமாரி தாளில் கீழ் இடப்பக்கம் இருக்கிறது, கீழ் மேற்கு, இடம் வடக்கு, ஆக வடமேற்கு. அலமாரியிலிருந்து கதவு? தென்கிழக்கு. "அலமாரி எந்தத் திசையில் இருக்கிறது?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள்; எங்கிருந்து என்பது இல்லாமல் திசைக்குப் பொருளில்லை.

இப்போது கரும்பலகை ஓரத்தில் காத்திருக்கும் பெஞ்சுக் கேள்விக்கு வாருங்கள். கடைசி மேசை வரிசைக்கும் அலமாரிக்கும் இடையில் படத்தில் 1.6 செ.மீ. இருக்கிறது, உண்மையில் 80 செ.மீ. அலமாரிக் கதவின் ஒவ்வொரு பாதியும் திறக்க 45 செ.மீ. வேண்டும், பெஞ்சின் அகலம் 30 செ.மீ.; மொத்தம் 75. கணக்குப்படி 5 செ.மீ. மிச்சம், கதவு திறக்கும். ஆனால் அந்த 5 செ.மீ. தாளில் 1 மி.மீ.தான், நாம் தவறக்கூடிய அளவும் அதேதான். எனவே இந்தப் படம் "இடம் இருக்கலாம், போய் அளந்து பார்" என்று மட்டுமே சொல்ல முடியும். முதல் நாள் படம் எதுவுமே சொல்லவில்லை, இன்றைய படம் எந்த அளவுக்குச் சொல்லும் என்பதும் தெரிகிறது. இந்த அளவுகள் உங்கள் அறையில் இவ்வளவு நெருக்கமாக அமையாவிட்டால், பெஞ்சைச் சற்று நகர்த்தி வேண்டுமென்றே நெருக்கமாக்குங்கள். தெளிவாகப் பொருந்தும் விடையைவிட இது பயனுள்ளது.

மதிப்பீட்டுக்கு "அளவை என்றால் என்ன?" என்று கேட்க வேண்டாம். பிள்ளைகள் பார்த்திராத ஓர் அறையின் படத்தை 1 செ.மீ. = 1 மீட்டர் என்ற அளவையில், வடக்கு அம்புக்குறி கீழ்நோக்கி இருக்கும்படி வரைந்து கொடுங்கள். இரண்டு பொருட்களுக்கு இடையிலான தூரம், ஒன்றிலிருந்து மற்றொன்றின் திசை, "நடுமேசையிலிருந்து கிழக்கே 2 மீட்டர், தெற்கே 1 மீட்டர் போனால் எங்கே நிற்பீர்கள்?" என்ற மூன்று கேள்விகள் போதும். தூரத்தை 50ஆல் பெருக்கியவர்கள் அளவையைப் படிக்காமல் பழைய எண்ணை மனப்பாடமாகப் போட்டவர்கள். மூன்றாவது கேள்வியில் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் போனவர்கள் அம்புக்குறியைப் பார்க்காமல் மேல்பக்கத்தை வடக்காக எடுத்துக்கொண்டவர்கள். அந்தப் படத்தில் கிழக்கு இடப்பக்கம், தெற்கு மேல்பக்கம். முன்னவர்களுக்கு வேறோர் அளவையில் இன்னொரு படம் கொடுத்தால் போதும். பின்னவர்களைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கவைத்து, இரண்டாவது வேளையின் திருப்பும் பயிற்சியை மறுபடி செய்யவையுங்கள்.